பெட்டி லேபிள் சரியாக இருந்தால் ஷூவும் சரியா? படத்தைப் பார்த்து ஷூ வாங்குபவர்களின் தவறுகள்

தென்னாப்பிரிக்காவில் டர்பன் பக்கம் உள்ள சாட்ஸ்வொர்த்தில் பழைய ஸ்போர்ட்ஸ் ஷூ வாங்கி விற்பது என் வேலை. மாதக் கடைசியில் சம்பளம் வந்ததும், அப்புறம் பள்ளிக் கடைசி வருட மாணவர்களின் மெட்ரிக் டான்ஸ் நெருங்கும்போதும், வாட்ஸ்அப்பில் படங்கள் வரிசையாக வந்து விழும். "அண்ணே, இது ஒரிஜினலா?" என்பதுதான் கேள்வி. கேட்கிறவர்கள் மாறுகிறார்கள், தவறுகள் மாறுவதில்லை. ஆரம்பத்தில் நானும் இதே பள்ளங்களில் விழுந்து எழுந்தவன்தான்.

பெயரில் எழுத்துப் பிழை, தலைகீழ் லோகோ, ஒரு பக்கம் மட்டும் வேறு நிறம் என்பதெல்லாம் இங்கே வேண்டாம். அதைக் கண்டுபிடிக்க யாரும் என்னிடம் வர வேண்டியதில்லை. என்னிடம் அதிகமாக வருவது வெள்ளை நைக்கி ஏர் ஃபோர்ஸ் 1, அதிகமாகப் போலி வருவதும் அதில்தான். அதனால் அதையே உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன்.

பெட்டி லேபிளை ஆதாரமாக எடுத்துக்கொள்வது

எனக்கு இன்னும் எரிச்சல் மூட்டுவது இதுதான். "லேபிளில் இருக்கிற பார்கோடை ஸ்கேன் பண்ணினேன், ஏர் ஃபோர்ஸ் என்றே வந்தது, அப்போ ஒரிஜினல்தானே?" என்று கேட்பார்கள். வரத்தான் செய்யும். ஒரிஜினல் லேபிளைப் பார்த்து அப்படியே அச்சடித்திருந்தால் எண்ணும் ஒரிஜினல் எண்ணாகத்தானே இருக்கும்? ஸ்கேன் செய்யும் ஆப் சொல்வது இந்த எண்ணில் இப்படி ஒரு பொருள் உண்டு என்பதை மட்டும்தான். பெட்டிக்குள் இருக்கும் ஷூவைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது.

லேபிள் என்பது ஒரு சின்னக் காகித ஸ்டிக்கர். ஷூவிலேயே நகலெடுக்க மிகச் சுலபமானது அதுதான். இன்னொரு வழியும் உண்டு, அதில் நகல்கூட வேண்டாம்: உண்மையான காலிப் பெட்டியை எங்கிருந்தாவது எடுத்து, உள்ளே வேறு ஷூவை வைத்துவிடுவார்கள். லேபிளை எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் குறை தெரியாது, ஏனென்றால் அதில் குறையே இல்லை.

சரி, லேபிள் எதற்குத்தான் உதவும்? ஷூவின் நாக்கில், அதாவது லேஸுக்குக் கீழே இருக்கும் மடலில், உள்பக்கம் தைத்திருக்கும் சின்ன லேபிளோடு ஒப்பிட உதவும். மாடல் எண், அளவு, பார்கோடு எண் ஆகிய மூன்றும் இரண்டிலும் ஒன்றாக இருக்க வேண்டும். மாடல் எண் ஆறு எழுத்து-இலக்கம், ஒரு சின்னக் கோடு, மூன்று இலக்கம் என்ற அமைப்பில் வரும். வெள்ளை ஏர் ஃபோர்ஸ் 1 '07-க்கு இப்போது அது CW2288-111. கோட்டுக்குப் பின்னால் வரும் மூன்று இலக்கம் நிறத்தைக் குறிக்கும். பார்கோடு எண்ணோ மாடல், நிறம், அளவு மூன்றும் சேர்ந்த ஒன்றுக்கு ஒன்று என்று கொடுக்கப்படுவது. அதனால் யூகே 8-க்கும் யூகே 9-க்கும் ஒரே பார்கோடு எண் இருக்கவே முடியாது. ஒரே விற்பனையாளர் இரண்டு அளவுகளுக்குப் படம் போட்டு இரண்டிலும் ஒரே எண் தெரிந்தால், அங்கேயே பேச்சை முடித்துவிடலாம்.

என் சித்தப்பா மகனுக்கு நடந்ததைச் சொன்னால் புரியும். மெட்ரிக் டான்ஸுக்கு வெள்ளை ஷூ வேண்டும் என்று இணையத்தில் தேடிப்பிடித்தான். விலை கடை விலையில் பாதிக்கும் கொஞ்சம் மேலே, அதாவது சந்தேகம் வராத அளவுக்குக் குறைவு. ஐந்து படம் வந்தது. பெட்டி லேபிள் பளிச்சென்று இருந்தது: CW2288-111, யூகே 8, யூஎஸ் 9, ஐரோப்பா 42.5, 27 செ.மீ. நைக்கியின் ஆண்கள் அளவுப் பட்டியலோடு ஒத்துப்போகிறது. ஸ்கேனும் செய்தான், வந்தது. இ-வாலெட்டில் பணத்தை அனுப்பினான். ஷூ கைக்கு வந்த பிறகுதான் என்னிடம் கொண்டுவந்தான்.

"அண்ணே, லேபிள் எல்லாம் கரெக்டா இருந்துச்சே!"

"அந்தப் படங்களை எல்லாம் காட்டுடா தம்பி."

நான்காவது படத்தில் நாக்கு லேசாக மடங்கி, உள் லேபிளில் பாதி தெரிந்தது. பெரிதாக்கிப் பார்த்தால் மாடல் எண் பெட்டியில் இருந்ததேதான். தயாரிப்புத் தேதியின் வருடம் மட்டும் 17. இதே வெள்ளை ஷூ அப்போது வந்துகொண்டிருந்தது 315122-111 என்ற எண்ணில். CW2288 என்ற எண் 2020-ஐ ஒட்டித்தான் அதன் இடத்துக்கு வந்தது. 2017-ல் தைத்த ஷூவில் அது எப்படி வரும்? பார்கோடு எண்ணின் கடைசி நான்கு இலக்கங்களும் பெட்டியோடு ஒத்துப்போகவில்லை. பெட்டி உண்மையானது, ஷூ போலி. பணம் அனுப்புவதற்கு முன்பே எல்லாம் அவன் போனிலேயே இருந்திருக்கிறது. விற்றவரோ அதற்குள் அவன் எண்ணை பிளாக் செய்துவிட்டார்.

தேதியைப் பற்றி ஓர் எச்சரிக்கை. நைக்கியின் உள் லேபிளில் தேதி அமெரிக்க வழக்கப்படி மாதம், நாள், வருடம் என்று வரும். நாம் நாளை முதலில் எழுதிப் பழகியவர்கள். 06/18/21 என்று இருந்தால் "பதினெட்டாவது மாதமா? போலி!" என்று நல்ல ஷூவை விட்டுவிட்டு வந்தவர்களையும் எனக்குத் தெரியும்.

ஆகவே விற்பவரிடம் கேட்க வேண்டியது ஒரே படம்: பெட்டி லேபிளும் இரண்டு ஷூவின் நாக்கு லேபிளும் ஒன்றாகத் தெரிய வேண்டும், பக்கத்தில் ஒரு துண்டுக் காகிதத்தில் அன்றைய தேதி எழுதியிருக்க வேண்டும். கையில் ஷூ இருப்பவருக்கு இது ஐந்து நிமிட வேலை. "இப்போ வீட்ல இல்லை, நாளைக்கு வேற ஒருத்தர் வாங்கிடுவார்" என்று பதில் வந்தால், அந்த வேறு ஒருத்தரே வாங்கிக்கொள்ளட்டும்.

நாட்டின் பெயரைப் பார்த்துப் பயப்படுவது

லேபிளில் தயாரித்த நாடு பெரும்பாலும் வியட்நாம், இந்தோனேசியா, சீனா என்று இருக்கும். ஒரிஜினலும் அங்கேதான் தயாராகிறது.

ஒரு பிராண்டின் அளவை இன்னொன்றில் தேடுவது

நம் ஊரில் யூகே அளவுதான் பழக்கம். நைக்கியில் யூகே 8 என்றால் ஐரோப்பிய அளவு 42.5. அடிடாஸில் அதே யூகே 8-க்கு 42. லேபிள் தவறில்லை, பட்டியல்கள் வேறு. அடிடாஸ் வாங்குகிறவர்கள் இன்னொன்றையும் பார்க்கலாம்: அதன் நாக்கு லேபிளில் இருக்கும் வரிசை எண் இடது ஷூவுக்கும் வலது ஷூவுக்கும் வேறு வேறாக இருக்க வேண்டும். இரண்டிலும் ஒரே எண் என்றால் ஒரே லேபிளை இரண்டு முறை அச்சடித்திருக்கிறார்கள்.

தையலில் பிசிறைத் தேடுவது

புதிதாகப் பார்ப்பவர்கள் ஒரு நூல் நீட்டிக்கொண்டிருந்தாலோ, கொஞ்சம் பசை வழிந்திருந்தாலோ போலி என்று தீர்ப்புச் சொல்லிவிடுகிறார்கள். ஒரிஜினல் தொழிற்சாலையிலும் நூல் பிசிறும், பசையும் வழியும். பார்க்க வேண்டியது தையலின் ஒழுங்கை. இரட்டைத் தையல் ஓடும் இடத்தில் இரண்டு கோடுகளுக்கும் நடுவே உள்ள இடைவெளி வளைவில் மாறுகிறதா? தையல் தோலின் ஓரத்தை விட்டு விலகியும் நெருங்கியும் அலைகிறதா? இடது ஷூவில் ஒரு கோடு முடியும் இடமும் வலது ஷூவில் அதே கோடு முடியும் இடமும் ஒன்றா? அலைவது நேரான இடத்தில் தெரியாது, வளைவில்தான் தெரியும். அதனால் விரல்முனைப் பக்கமும் குதிகால் பக்கமும் எடுத்த படம் வேண்டும்.

ஏர் ஃபோர்ஸில் சோலின் பக்கச் சுவரைச் சுற்றி ஒரு தையல் ஓடும். அது பள்ளத்துக்குள் படிந்த உண்மையான நூல். மட்டமான போலிகளில் நூலே இருக்காது, ரப்பரில் தையல் மாதிரி குழிகள் மட்டும் இருக்கும். சித்தப்பா மகன் வாங்கியதும் அப்படித்தான். நல்ல போலியில் இங்கேயும் நூல் ஓடும் என்பதால், நூல் இருப்பதை மட்டும் வைத்து ஒரிஜினல் என்று சொல்லிவிடாதீர்கள்.

தேய்ந்த சோலில் விரல்முனையைப் பார்ப்பது

ஏர் ஃபோர்ஸின் சோலில் முன்பாதத்துக்குக் கீழே வட்டத்துக்குள் வட்டமாக ஒரு வடிவம் இருக்கும். கூடைப்பந்து ஆடுகிறவர் காலை ஊன்றித் திரும்புவதற்காக 1982-ல் முதல் ஷூ வந்தபோதே வைத்தது. விரல்முனையில் சின்ன நட்சத்திரங்கள். எல்லோரும் நட்சத்திரத்தைத்தான் தேடுகிறார்கள். பழைய ஷூவில் முதலில் தேய்ந்து போவதே அதுதானே! பாதத்தின் நடு வளைவுக்குக் கீழே பாருங்கள். அந்த இடம் தரையில் அதிகம் படுவதில்லை, அதனால் எவ்வளவு போட்ட ஷூவிலும் வடிவமும் எழுத்தும் பிழைத்திருக்கும்.

அங்கே எழுத்துகளின் விளிம்பைக் கவனியுங்கள். ஒரிஜினல் ஷூவிலிருந்தே அச்சு எடுத்து வார்த்த போலி சோலில் மூலைகள் மழுங்கிப் போகும், ஆழம் குறையும், எழுத்து சோப்பில் பதித்ததுபோல வழவழவென்று இருக்கும். நேராக மேலிருந்து எடுத்த படத்தில் இது தெரியாது. வெளிச்சம் பக்கவாட்டிலிருந்து விழும்படி, ஜன்னல் ஓரத்தில் வைத்து எடுக்கச் சொல்லுங்கள். நிழல் விழுந்தால்தான் ஆழம் தெரியும்.

கிட்டத்தில் எடுத்த படத்தில் உருவத்தை அளப்பது

"முன்பக்கம் ரொம்ப வீங்கி இருக்கு, போலிதான்" என்பார்கள். போனை ஷூவுக்கு ஒரு சாண் தூரத்தில் வைத்து எடுத்தால் எந்த ஷூவும் வீங்கும், அது லென்ஸின் வேலை. இரண்டு மூன்று அடி தள்ளி நின்று, ஜூம் செய்து, ஷூவின் உயரத்துக்கே போனை இறக்கி எடுத்த படத்தில்தான் உருவத்தைப் பற்றிப் பேசலாம்.

இன்னொன்று, வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கித்தான் அனுப்பும். நூலும் சின்ன எழுத்தும் முதலில் அதில்தான் கரைந்து போகின்றன. படத்தை டாக்குமெண்டாக அனுப்பச் சொன்னால் முழு அளவில் வரும். மங்கலான எழுத்தைப் பார்த்து "எழுத்துரு சரியில்லை" என்று சண்டை போடுவது வீண்.

பெட்டி இல்லையென்று ஒதுக்குவது

பெட்டியை யார் வைத்திருக்கிறார்கள்? நாக்கு லேபிளைக் கேளுங்கள்.

ஏமாந்ததை இன்னொருவருக்குத் தள்ளுவது

சித்தப்பா மகனும் இதைத்தான் முதலில் கேட்டான்: "நானும் போட்டோ போட்டு வித்துடவா?" தென்னாப்பிரிக்காவில் போலிச் சரக்குக்கென்று 1997-லேயே தனிச் சட்டம் வந்துவிட்டது. போலி என்று தெரிந்தோ, சந்தேகப்படக் காரணம் இருந்தோ விற்றால் குற்றம். தவிர்க்க எடுக்க வேண்டிய நியாயமான முயற்சிகளை எடுக்காமல் விற்றாலும் அதேதான். அதனால் நான் வாங்கும் ஒவ்வொரு ஜோடிக்கும் லேபிள் படம், சோல் படம், விற்றவரோடு பேசிய பேச்சு எல்லாவற்றையும் போனில் தனியாகச் சேர்த்து வைக்கிறேன். அப்படியும் நன்றாகச் செய்த போலியைப் படத்தை மட்டும் பார்த்துப் பிடிக்க முடியாது. அது மாதிரி சந்தேகம் வந்தால் ஏதாவது மாலில் ஆள் நடமாட்டம் உள்ள இடத்தில் சந்தித்து, ஷூவுக்குள் பாதத்துக்குக் கீழே இருக்கும் உள் அட்டையைத் தூக்கிப் பார்த்த பிறகுதான் பணம் கொடுப்பேன். சித்தப்பா மகனுடைய ஜோடி இப்போது அவன் கிரிக்கெட் பயிற்சிக்குப் போய்வருகிறது.