சீன நிறுவனத்தின் பதிலில் மறைந்திருக்கும் 'முடியாது'

சீனத் தொழிற்சாலைக்கு "1000 உருப்படி வேண்டாம், 300 மட்டும் செய்து தருவீர்களா?" என்று எழுதுகிறீர்கள். பதில் இப்படி வருகிறது: "உங்கள் யோசனைக்கு நன்றி. இந்த விஷயத்தில் கொஞ்சம் சிரமம் இருக்கிறது. உள்ளே பேசி ஆராய்ந்துவிட்டுச் சொல்கிறோம்."

நம்பிக் காத்திருக்க வேண்டாம், இது பெரும்பாலும் மறுப்புதான். நேராக முடியாது என்றால் கேட்டவருக்கு அவமானமாகிவிடும் என்பதால் அங்கே இப்படி எழுதுவார்கள். சீனத்தில் 'யான்ஜியூ' என்றால் ஆராய்வது. அலுவலகக் கடிதத்தில் அது பல நேரம் கிடப்பில் போடுவதுதான்.

வார்த்தையை விட, பதிலில் என்ன இல்லை என்று பாருங்கள். தேதி இல்லை. யார் முடிவெடுப்பார் என்பதும் இல்லை. முக்கியமாக, உங்களிடம் ஒரு கேள்விகூட இல்லை. உண்மையிலேயே யோசிக்கிறவர் "என்ன நிறம்? எப்போது வேண்டும்? விலை கூடினால் பரவாயில்லையா?" என்று குடைவார்.

சந்தேகமா? "ஆமா, இல்லையா" என்று நெருக்காதீர்கள். பதில் எழுதியவரின் மேலதிகாரியை மின்னஞ்சல் நகலில் சேர்ப்பது அதைவிட மோசம். "300 சிரமம் என்றால் புரிகிறது. எந்த எண்ணிக்கையில், என்ன விலைக்கு முடியும்?" என்று எழுதுங்கள். 500 என்று எண் வந்தால் பேரம் தொடரும். மறுபடியும் 'ஆராய்கிறோம்' என்றால் வேறு ஆளைத் தேடலாம்.

ஒரு விலக்கு: சீனப் புத்தாண்டையொட்டித் தொழிற்சாலைகள் வாரக்கணக்கில் மூடியிருக்கும். அப்போது வரும் தாமதத்தை மறுப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.