தலைகீழாகப் போட்ட சார்ட்

கையில் பங்கு இருந்தால், விலையின் தாழ்வுகளைத் தொட்டு நாம் வரையும் ட்ரெண்ட்லைன் தானாக மேலே ஏறும். என் கோட்டைப் பெரிதாக்கிப் பார்த்தேன். இரண்டு தாழ்வுகளில் அன்றைய மிகக் குறைந்த விலையைக் காட்டும் கேண்டிலின் வால் நுனியைத் தொட்டது. மூன்றாவதில் வாலைக் குறுக்கே வெட்டி, முடிவு விலையில் உட்கார்ந்திருந்தது. அதாவது விலை அன்றே கோட்டுக்குக் கீழே போய் வந்திருக்கிறது, நான் அதையும் 'தொட்டது' என்று கணக்கில் சேர்த்திருக்கிறேன்.

இப்போது வண்ணாரப்பேட்டை மச்சான்தான் படம் எடுத்துத் தருகிறார். பெயர், தேதி, விலை மறைத்து, என் பங்கையும் வேறு சிலவற்றையும் கலந்து, சிலதை நேராக ஒரு முறை, Invert scale போட்டுத் தலைகீழாக ஒரு முறை அனுப்புவார். "எதுக்கு மச்சான் இந்தக் கண்ணாமூச்சி?" என்ற முணுமுணுப்போடு. வாங்கலாமா விற்கலாமா, எங்கே உடைந்தால் என் கருத்து தப்பு என்று எழுதிக் கொடுத்த பிறகே பெயரைச் சொல்வார். நேராகவும் தலைகீழாகவும் ஒரே படத்துக்கு 'வாங்கு' என்று எழுதியிருந்தால் அந்தக் கோட்டை அழித்துவிடுவேன்.

அப்புறம், தலைகீழாக்கினாலும் பச்சை, சிவப்பு மாறாது. கேண்டில்களை ஒரே நிறமாக்காவிட்டால் குட்டு வெளிப்பட்டுவிடும்.