நீண்ட அறிக்கையை மொழிபெயர்க்கச் சின்னதாய் ஒரு சொற்பட்டியல்

நூறு பக்கப் பேரிடர் மேலாண்மை அறிக்கை ஒன்று ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு வருகிறது என்று வையுங்கள். முதல் அத்தியாயத்தில் ‘ரிஸ்க்’ அபாயம், நாலாவதில் ஆபத்து, ஏழாவதில் இடர். மூன்றும் தமிழ்தான், ஆனால் படிப்பவர் மூன்று வெவ்வேறு விஷயங்கள் என்று நினைத்துக்கொள்வார். சொற்பட்டியல் இதற்குத்தான்.

படி 1: சொற்களைப் பொறுக்குங்கள். மொழிபெயர்ப்பைத் தொடங்கும் முன், பொருளடக்கம், உள்தலைப்புகள், அட்டவணைகளின் தலைவரிசை, சுருக்கவுரை இவற்றை மட்டும் படியுங்கள். திரும்பத் திரும்ப வருவதும், தமிழில் இரண்டு விதமாக எழுத இடமிருப்பதும்தான் நமக்கு வேண்டும். மழை, ஆறு போன்றவை எதற்கு? முதல் முறைக்கு இருபது முப்பது சொல் தாராளம்.

படி 2: நான்கு பத்தி போடுங்கள். எக்செல் தாளே போதும். மூலச்சொல், தமிழ், தவிர்க்க வேண்டியது, குறிப்பு.

```
hazard | இடர் | ஆபத்து | புயல், வெள்ளம் போன்ற நிகழ்வு
risk | அபாயம் | இடர், ஆபத்து | இழப்பு நேரும் வாய்ப்பு
disaster | பேரிடர் | அனர்த்தம் | தமிழ்நாட்டு வாசகருக்கு
disaster risk reduction | பேரிடர் அபாயக் குறைப்பு | | முழுத் தொடராக
```

மூன்றாவது பத்தியைப் பலர் விட்டுவிடுவார்கள். எனக்கு அதுதான் முக்கியம், ஏனென்றால் கடைசியில் தேடிப் பிடிக்க வேண்டியவை அதில்தான் இருக்கின்றன. குறிப்பில் அகராதி விளக்கம் வேண்டாம், குழப்பத்தைத் தீர்க்கும் ஒரு வரி போதும். கடலில் உருவாகும் புயல் இடர். அதனால் கரையோரக் குப்பத்துக்கு நேரக்கூடிய இழப்பு அபாயம். வாசகர் யார் என்பதும் முடிவை மாற்றும். இலங்கையில் அரசு வழக்கே ‘அனர்த்த முகாமைத்துவம்’ என்பதால், அங்கே போகும் அறிக்கையில் மூன்றாவது வரியைத் தலைகீழாக்க வேண்டும். தொடர்களுக்குத் தனி வரி கொடுத்தால் ‘அபாயக் குறைப்பு’, ‘அபாயத்தைக் குறைத்தல்’ என்று மாறிமாறி வராது.

படி 3: சரிபாருங்கள். தமிழில் சொல் வேற்றுமை ஏறும்போது உருமாறும். ‘அபாயம்’ என்று தேடினால் அபாயத்தை, அபாயங்கள், அபாயக் குறைப்பு எதுவும் சிக்காது. ‘அபாய’ என்று மாறாத பகுதியை மட்டும் தேடுங்கள், எல்லாம் வரும். கூடவே ‘அபாயகரமான’ போன்றவையும் வரும், அவற்றைக் கண்ணால் பார்த்து ஒதுக்கிவிடலாம். மூலத்தில் `risk` எத்தனை முறை வருகிறது என்றும் எண்ணிப் பாருங்கள். இரண்டு எண்ணிக்கையும் அப்படியே பொருந்தாது, வாக்கியத்தைத் தமிழில் மாற்றி எழுதும்போது சில இடங்களில் சொல்லே தேவைப்படாது. ஆனால் ஒரு அத்தியாயத்தில் மட்டும் பெரிய வித்தியாசம் தெரிந்தால், அங்கே வேறு சொல் புகுந்திருக்கிறது என்று அர்த்தம்.

திருத்தும்போது ‘எல்லாவற்றையும் மாற்று’ பொத்தான் பக்கம் போகாதீர்கள். ‘அபாய’ இருக்கும் இடத்தில் ‘இடர்’ போட்டால் அபாயத்தை என்பது ‘இடர்த்தை’ ஆகிவிடும், அபாயம் ‘இடர்ம்’ ஆகிவிடும். ஒவ்வொன்றாகப் பார்த்து மாற்றுவதுதான் வழி.

பாதியில் ஒரு சொல்லை மாற்ற நேர்ந்தால் பட்டியலில் பழையதை அழிக்காமல் மூன்றாவது பத்திக்குத் தள்ளிவிடுங்கள். எந்த அத்தியாயம் வரை பழைய சொல் போயிருக்கிறது என்பதையும் குறிப்பில் எழுதி வைத்தால், அப்புறம் அந்தப் பக்கங்களை மட்டும் திறந்து பார்த்தால் போதும்.