நைட் டியூட்டி பார்ப்பவர்கள் 14-ம் நாளை நம்பலாமா?

கருத்தரிப்பு ஓ.பி.யில் நர்ஸாக இருக்கிறேன். டாக்டரைப் பார்க்கும் முன்பு என்னிடம் உட்கார்ந்து தேதிகளைச் சொல்ல வேண்டும். நைட் டியூட்டி பார்க்கும் பெண்கள் வந்தால் நான் முதலில் கேட்பது மாதவிடாய் தேதியை அல்ல, டியூட்டி சார்ட்டை. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் எங்கே கணக்கு தப்பியது என்று தெரியும்.

அப்படி வந்தவர்களில் ஒருவர், 28 வயது, அவரும் ஸ்டாஃப் நர்ஸ். ஒரு வாரம் இரவு 8 முதல் காலை 8 வரை, பிறகு பகல் டியூட்டி, திரும்ப நைட். கணவருக்கு ஜெனரல் ஷிஃப்ட். கடைசி நான்கு சுழற்சிகள் 29, 36, 30, 37 நாள். மாதவிடாய் தொடங்கி 14-ம் நாளில் முட்டை வெளிவரும் என்ற கணக்கில், போனில் இருக்கும் ஆப் சொன்னபடி 12 முதல் 16-ம் நாள் வரை மட்டும் சேர்ந்திருக்கிறார்கள். எட்டு மாதமாகப் பலனில்லை. முட்டை வெளிவந்த பிறகு ஏறும் ஹார்மோனான புரோஜெஸ்டிரானுக்கு 21-ம் நாள் எடுத்த பரிசோதனையும் குறைவாக வந்துவிட, "முட்டையே வெடிக்கவில்லையாம் சிஸ்டர்" என்று கண் கலங்கினார்.

தவறு அந்த 14-ம் நாளில்தான் தொடங்கியது. மாதவிடாய்க்கும் அடுத்த மாதவிடாய்க்கும் இடையே இரண்டு பாதிகள் உண்டு. முட்டை வெளிவந்த பிறகான பின்பாதி பெரும்பாலும் 12 முதல் 14 நாள். அது அதிகம் நீளாது. நீள்வதும் சுருங்குவதும் முன்பாதி. மூளையின் ஹைப்போதலாமஸ் விட்டுவிட்டு அனுப்பும் சமிக்ஞையில்தான் கருமுட்டை வளர்கிறது. தூக்கம் கெட்டாலோ, நாள் முழுக்க மனம் பதறிக் கிடந்தாலோ அந்தச் சமிக்ஞை தடுமாறும்; முட்டை முதிர்வது தள்ளிப்போகும். இரவு வெளிச்சத்தில் விழித்திருப்பது தூக்க ஹார்மோனான மெலடோனினைக் குறைத்து, உடலின் நேரக் கணக்கையே குழப்பிவிடும். ஆகவே "பீரியட்ஸ் தள்ளிப்போச்சு" என்றால் பெரும்பாலும் முட்டை தாமதமாக வந்திருக்கிறது என்று அர்த்தம்.

அவருடைய 37 நாள் சுழற்சியை எடுத்துக்கொள்வோம். ஜூன் 1 மாதவிடாய், ஜூன் 8 முதல் 14 வரை நைட், அடுத்த மாதவிடாய் ஜூலை 8. அதிலிருந்து பின்னால் எண்ணினால் முட்டை ஜூன் 23 வாக்கில் வெளிவந்திருக்கும். முட்டைக்கு ஆயுள் 12 முதல் 24 மணி நேரம். விந்தணு கருப்பையில் 5 நாள் வரை தங்கும். அப்படியானால் பலன் தரக்கூடிய நாட்கள் 18 முதல் 23 வரை. இவர்கள் 16-ம் தேதியோடு நிறுத்திவிட்டார்கள். புரோஜெஸ்டிரானுக்கு இரத்தம் கொடுத்தது 21-ம் தேதி, முட்டை வருவதற்கு இரண்டு நாள் முன்பு. அன்று குறைவாக இருப்பதுதான் இயல்பு. அந்தப் பரிசோதனை அடுத்த மாதவிடாய்க்கு ஒரு வாரம் முன்பு எடுக்க வேண்டியது. 28 நாள் சுழற்சிக்குத்தான் அது 21-ம் நாளில் விழும். நாள் மாறி மாறி வருபவர்களுக்கு 22-ம் நாள் வாக்கில் தொடங்கி, மாதவிடாய் வரும்வரை வாரம் ஒரு முறை எடுத்துப் பார்ப்பார்கள்.

நாள் குறிப்பதற்கு அவருக்குச் சொன்ன கணக்கு இது. மிகக் குறுகிய சுழற்சி 29 நாள். 14-ஐக் கழித்தால் 15, அதற்கு 5 நாள் முன்பு தொடங்கினால் 10-ம் நாள். மிக நீண்டது 37. 14-ஐக் கழித்தால் 23. ஒரு நாள் கூடுதலாக வைத்து, 10 முதல் 24-ம் நாள் வரை இரண்டு மூன்று நாளைக்கு ஒரு முறை சேர்ந்தால் போதும். அவர் வீடு வரும்போது கணவர் கிளம்பியிருப்பார். அதனால் அடுத்த மாத ரோஸ்டர் போடும் முன்பே அந்த இரண்டு வாரத்தில் நைட் குறைவாக வரும்படி கேட்கச் சொன்னேன். பொறுப்பு சிஸ்டரிடம் காரணம் சொல்லத் தயங்க வேண்டாம், "குடும்பக் காரணம்" என்றாலே போதும்.

காலை உடல் வெப்பம் அளந்து முட்டை நாளைப் பிடிப்பது நைட் டியூட்டிக்காரர்களுக்கு ஒத்துவராது. ஒரே நேரத்தில் தூங்கி ஒரே நேரத்தில் எழுந்தால்தான் முட்டை வெளிவந்த பிறகு வெப்பத்தில் வரும் சிறு ஏற்றம் தெரியும். முட்டை வெளிவரப்போவதைச் சிறுநீரில் காட்டும் எல்.ஹெச். ஸ்ட்ரிப் பரவாயில்லை, ஆனால் டியூட்டியில் தூக்கம் கலைய தண்ணீரும் டீயுமாகக் குடித்துவிட்டுப் போட்டால் சிறுநீர் நீர்த்துக் கோடு மங்கலாக வரும். மூன்று நான்கு மணி நேரம் சிறுநீர் போகாமல் இருந்து, அதிகம் தண்ணீர் குடிக்காமல், நாள்தோறும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் போடுங்கள். பாசிட்டிவ் வந்தால் அன்றும் மறுநாளும் சேரலாம். பி.சி.ஓ.டி. உள்ளவர்களுக்கு ஸ்ட்ரிப் பொய்யாகப் பாசிட்டிவ் காட்டுவதுண்டு.

இரத்தப் பரிசோதனையில் நான் அடிக்கடி பார்க்கும் இன்னொரு தவறு, நைட் டியூட்டிக்கு நடுவிலோ முடிந்த கையோடோ லேபுக்குப் போவது. இவரும் அப்படித்தான் கொடுத்திருந்தார்: அதிகாலை 4 முதல் 6 வரை ஸ்டோர் ரூமில் கண்ணயர்ந்து, 7 மணிக்கு இரத்தம். பால் சுரப்புக்கான ஹார்மோனான புரோலாக்டின் 38 வந்தது. 25-க்குள் இருக்க வேண்டியது. புரோலாக்டின் தூக்கத்தில் ஏறி, எழுந்த பிறகு மெல்ல இறங்கும், பகல் தூக்கத்திலும் அப்படியே. தைராய்டுக்கான டி.எஸ்.ஹெச். கூட இரவில் ஏறும். தூங்காமல் விழித்திருந்தால் இன்னும் ஏறி நிற்கும். லீவு நாளில் ஒழுங்காகத் தூங்கி, எழுந்து மூன்று மணி நேரம் கழித்துக் கொடுத்தார். 17. அந்த முதல் ரிசல்ட்டை வைத்து மாத்திரை தொடங்கியிருந்தால் வீண். அதே நேரம், திரும்ப எடுத்தும் அதிகமாகவே இருந்தால் "ஷிஃப்ட்னால" என்று விட்டுவிடக் கூடாது. உண்மையான புரோலாக்டின் உயர்வும் மாதவிடாயைத் தள்ளும்.

தள்ளிப்போனால் உடனே மெடிக்கலில் மாதவிடாய் வரவைக்கும் மாத்திரை வாங்கிப் போடாதீர்கள். முதலில் வீட்டிலேயே யூரின் டெஸ்ட். நைட் டியூட்டி அசதி என்று நினைத்து, ஏழு வாரக் கர்ப்பத்தோடு வந்தவர்களும் உண்டு. டெஸ்ட் நெகட்டிவாக இருந்து 90 நாளாகியும் வரவில்லை என்றால் டாக்டரைப் பாருங்கள்.

இப்போது எனக்கு மிகவும் வருத்தம் தரும் தவறு. "டென்ஷனாகாதே, மனசை லேசா வெச்சுக்கோ, தானா நிற்கும்" என்று ஊரே அந்தப் பெண்ணிடம் சொல்லும். அவளும் என் மனசுதான் காரணம் என்று நம்பிவிடுவாள். மன அழுத்தம் முட்டையைத் தள்ளிப்போடலாம். கருக்குழாய் அடைப்பை அது உண்டாக்காது. 2011-ல் பி.எம்.ஜே. மருத்துவ இதழில் 14 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, சிகிச்சைக்கு முன்பிருந்த மன வேதனைக்கும் டெஸ்ட் டியூப் சிகிச்சை பலிக்காததற்கும் தொடர்பு தெரியவில்லை. இரவு வேலை சுழற்சியை ஒழுங்கற்றதாக்கும் என்பதற்குச் சான்று உண்டு. அதனாலேயே கரு நிற்காது என்பதற்கு அந்த அளவு உறுதியான சான்று இல்லை. ஆகவே வேலையை விட்டுவிடு என்று வீட்டில் சொன்னால் அவசரப்பட வேண்டாம். ஒரு வருடம் முயன்றும் நிற்கவில்லை என்றால், 35 வயதைத் தாண்டியிருந்தால் ஆறே மாதத்தில், பரிசோதனைக்கு வாருங்கள். சுழற்சி மிகவும் ஒழுங்கற்றிருந்தால் அதற்கும் முன்பே வரலாம்.

வரும்போது கணவரையும் அழைத்து வாருங்கள். விந்தணு உருவாக ஏறக்குறைய இரண்டரை மாதமாகிறது. அந்தக் காலத்தின் தூக்கக் குறைவு, காய்ச்சல், புகை எல்லாம் அதில் தெரியலாம். இவருடைய கணவர் அதுவரை விந்துப் பரிசோதனையே செய்திருக்கவில்லை. எட்டு மாதமும் ஊசி குத்திக்கொண்டது இவர் மட்டும்தான்.

தூக்கத்துக்கு இவர் செய்தது பெரிய மாற்றம் ஒன்றுமில்லை. காலை 8 மணிக்குப் பிறகு காய்கறி வாங்க, சமைக்க என்று இறங்காமல், 9 மணிக்கே படுத்தார். ஜன்னலுக்குக் கறுப்புப் போர்வை, போன் சைலண்ட். பகல் 3 மணி வரை யாரும் எழுப்பக் கூடாது என்று மாமியாரிடம் கணவரைச் சொல்ல வைத்தார். டியூட்டியின் கடைசி ஐந்தாறு மணி நேரத்தில் டீ, காபி இல்லை. அடுத்த மூன்று சுழற்சிகள் 31, 33, 30 என்று வந்தன. கணவரின் ரிப்போர்ட்டில் குறை இல்லை. இப்போது 10-ம் நாளிலிருந்து தேதி குறித்த தாளோடு வருகிறார், அடுத்த மாத டியூட்டி சார்ட்டும் அதோடு பின் செய்யப்பட்டு.