எழுபதுக்குள் ஒரு வாழ்த்து: தவிர்க்க வேண்டிய தவறுகள்

மல்லாவியில் நான் வேலை செய்கிற தொலைத்தொடர்புக் கடைக்குத் தைப்பொங்கலுக்கு முந்தைய இரண்டு நாட்களில் வருபவர்களில் பலர், ரீலோட் போட்டு முடித்ததும், கைபேசியை மேசையில் வைத்து, "இதை ஒருக்கால் பார்த்துத் தாங்கோ" என்று கேட்பார்கள். உறவினர் பலரிடம் இன்னும் பட்டன் போன்தான் இருக்கிறது. காட்டோரக் கிராமங்களில் இணைய இணைப்பு நின்று நின்றுதான் வரும். ஆகவே வாழ்த்து குறுஞ்செய்தியாகத்தான் போக வேண்டியிருக்கிறது. அவர்கள் எழுதிக்கொண்டு வருபவற்றில், நான் தொடக்கத்தில் விட்ட பிழைகளையே ஆண்டுதோறும் காண்கிறேன். எழுத்துப்பிழை, இலக்கத்தை மாற்றி அழுத்துவது போன்றவற்றை இங்கே விட்டுவிடுகிறேன். அவற்றை யாரும் தாமாகவே திருத்திக்கொள்வார்கள்.

கண்ணால் எழுத்தெண்ணுதல்

இந்த ஒரு தவறைக் காணும்போது எனக்கு இன்றைக்கும் பொறுக்க முடிவதில்லை, ஏனெனில் இதனால் காசும் போகிறது, சொல்ல வந்ததும் சிதைகிறது.

ஒரு குறுஞ்செய்தியில் 140 பைட் இடம் இருக்கிறது. ஆங்கில எழுத்துகள் ஒவ்வொன்றும் அதில் 7 பிட் மட்டும் எடுப்பதால் 160 எழுத்துகள் அடங்குகின்றன. தமிழுக்கு ஒவ்வொரு குறிக்கும் 16 பிட் தேவைப்படுவதால் 70 மட்டுமே அடங்கும். ஆங்கிலச் செய்தியின் நடுவில் ஒரேயொரு தமிழ் எழுத்தைச் சேர்த்தாலும் முழுச் செய்தியும் இந்த 70 என்ற கணக்குக்கு வந்துவிடும். இவ்வளவையும் பலர் அறிந்திருக்கிறார்கள். அவர்கள் அறியாதது, அந்த 70 என்பது நாம் பள்ளிக்கூடத்தில் எண்ணிய எழுத்துகள் அல்ல என்பதுதான். 'க' ஒன்று, ஆனால் 'க்' என்பதில் ககரம் ஒன்றாகவும் புள்ளி இன்னொன்றாகவும் எண்ணப்படும். 'கி', 'கு', 'கை', 'கொ' ஆகிய ஒவ்வொன்றும் இரண்டு. இடைவெளியும் முற்றுப்புள்ளியும் ஒவ்வொன்று. 'பொங்கல்' என்பது கண்ணுக்கு நான்கு எழுத்து, கைபேசிக்கு ஏழு.

சென்ற பொங்கலுக்கு ஒரு பையன் வந்தான். எழுபதுக்கு மேல் போகக்கூடாது என்று யாரோ சொல்லிக்கொடுத்திருந்ததால், விரல்விட்டு எண்ணி, இடைவெளிகளையும் சேர்த்துச் சரியாக எழுபதில் முடித்திருந்தான். ஒட்டுசுட்டானில் இருக்கும் பெரியம்மாவுக்கு அவன் எழுதியது இது:

"எங்கள் உளங்கனிந்த இனிய தைப்பொங்கல் நல்வாழ்த்துக்கள். நீங்கள் தந்த பானையில்தான் பெரியம்மா இன்றைக்கும் பொங்கினோம்."

அவனுடைய கணக்கில் பிழை இல்லை. கண்ணால் எண்ணினால் எழுபதேதான். கைபேசியின் கணக்கில் இது 112. எழுபதைத் தாண்டியதும் செய்தி துண்டுகளாகப் பிரிக்கப்படுகிறது; எந்தத் துண்டு எதற்குப் பின்னால் வரவேண்டும் என்ற குறிப்புக்கு 6 பைட் போய்விடுவதால், ஒவ்வொரு துண்டிலும் 67 குறிகளே மிஞ்சும். ஆகவே இவனுடைய வாழ்த்து இரண்டு செய்திகளாகிறது, கட்டணமும் இரண்டு செய்திகளுக்கே. அறுபத்தேழாவது குறி எங்கே விழுகிறது என்று அவனையே எண்ணிப் பார்க்கச் சொன்னேன். முதல் துண்டு "நீங்கள் தந்த ப" என்று முடிந்தது. 'பா' என்ற எழுத்தின் கால் மட்டும் தனியே இரண்டாவது துண்டின் தலையில் போய் நின்றது.

பெரும்பாலான கைபேசிகள் துண்டுகளை ஒட்டி ஒரே செய்தியாகக் காட்டிவிடும். ஆனால் பழைய பட்டன் போன் சில அவற்றைத் தனித்தனியாகவே காட்டும், சிக்னல் விட்டுவிட்டு வரும் இடத்தில் ஒரு துண்டு பிந்தலாம், வராமலே போகலாம். எனக்கு நேர்ந்தது அதுதான். எனக்குத் தமிழ் படிப்பித்த ஆசிரியை ஓய்வு பெற்றபோது மூன்று துண்டாகப் போகக்கூடிய நீண்ட வாழ்த்தொன்றை எழுதினேன். மழைக்காலத்தில் என் புத்தகம் நனைந்துவிட, அவர் தம்முடைய புத்தகத்தைத் தந்ததை அதன் நடுவில் சொல்லியிருந்தேன். அவருடைய வீடு நெடுங்கேணிப் பக்கம் காட்டோரமாக இருந்தது. பல மாதங்கள் கழித்து வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலில் அவரைக் கண்டேன், தம்முடைய கைபேசியைத் திறந்து, "இது ஆர் அனுப்பினது எண்டு தெரியேல்லை, நீயோ பிள்ளை?" என்று கேட்டார். திரையில் இருந்தது கடைசித் துண்டு மட்டுமே: நீடூழி வாழ்க, எல்லா நலனும் பெறுக. யாரும் யாருக்கும் அனுப்பக்கூடிய பகுதி மட்டும் போய்ச் சேர்ந்திருக்க, அவருக்கென்று எழுதிய பகுதி எங்கேயோ தொலைந்துவிட்டிருந்தது. அத்தனை மாதங்களும் அவருக்கு நான் வாழ்த்துச் சொல்லாதவளாகவே இருந்திருப்பேன் என்ற எண்ணம் இப்போதும் வலிக்கிறது.

சடங்குச் சொல்லை முன்னே வைத்தல்

அந்தப் பையனின் செய்தியில் முதல் வாக்கியம், முற்றுப்புள்ளி இல்லாமலே, 51 குறிகளைத் தின்றுவிட்டது. மீதி 19. அந்த 51-இல் அவனுடைய பெரியம்மாவுக்கு மட்டும் உரியது எதுவும் இல்லை. அயல்வீட்டுக்காரரும் அதையே அனுப்புவார். ஆனால் இரண்டாவது வாக்கியம் அப்படியானதல்ல. மீள்குடியேறி வந்த முதல் ஆண்டில் அவர்களிடம் சமைக்கக்கூடப் பாத்திரம் இருக்கவில்லை என்றும், பெரியம்மா தம்முடைய பித்தளைப் பானையைத் தந்துவிட்டுத் தாம் அலுமினியப் பானையில் பொங்கினார் என்றும் அவன் சொன்னான். அந்தப் பானை இருக்கும்போது 'உளங்கனிந்த' எதற்கு?

நாங்கள் இருவரும் இருந்து திருத்தினோம். முதலில் அடைமொழிகளை எடுத்தோம். 'தைப்பொங்கல்' என்ற சொல்லும் தேவைப்படவில்லை; 'பொங்கினோம்' என்றாலே நாள் எதுவென்று விளங்கிவிடும். 'நல்வாழ்த்துக்கள்' 16 குறிகள், 'வாழ்த்துகள்' 11. (ககர ஒற்று மிகுமா மிகாதா என்று வாதிடுபவர்கள் உண்டு; மிகாத வடிவமே எனக்குச் சரியாகப் படுகிறது, இங்கே அது இரண்டு குறிகளையும் மிச்சப்படுத்துகிறது.) 'இன்றைக்கும்' என்ற சொல்லை விட அவனுக்கு மனமில்லை. அதற்கு 11 குறிகளும் ஓர் இடைவெளியும் வேண்டும். ஆனால் 'பானையில்தான்' என்பதில் உள்ள 'தான்' நான்கே குறிகளில் அந்த வேலையைச் செய்கிறது: வீட்டில் இப்போது வேறு பானைகள் இருந்தாலும் இதையே எடுத்தோம் என்பதை அது சொல்லிவிடுகிறது. சிக்கனம் என்று எண்ணி அந்தத் 'தானை'யும் வெட்டியிருந்தால், எந்தப் பாத்திரத்தில் சமைத்தோம் என்ற வெறும் தகவலே மிஞ்சியிருக்கும்.

பெயர் போட 8 குறிகள் மீதி இருந்தன. "பெரியம்மா உன்னை என்னவென்று கூப்பிடுவார்?" என்று கேட்டேன். "சின்னவன் எண்டுதான் கூப்பிடுவா" என்றான். 'சின்னவன்' சரியாக எட்டு.

"பெரியம்மா, நீங்கள் தந்த பானையில்தான் பொங்கினோம். வாழ்த்துகள். சின்னவன்"

எழுபது குறிகள், ஒரே செய்தி. துண்டாகாது, ஆகவே பாதி தொலையவும் வழியில்லை. எப்போதேனும் எழுபதைத் தாண்டித்தான் ஆகவேண்டும் என்றாலும் இந்த ஒழுங்கையே வைத்துக்கொள்ளுங்கள்: விளிப்பு, அவருக்கு மட்டும் உரிய செய்தி, அதன் பின்னரே வாழ்த்து. பட்டன் போனின் செய்திப் பட்டியலில் முதல் சில சொற்கள் மட்டுமே தெரியும் என்பதையும் நினைவில் வைத்திருங்கள்.

முறைப்பெயரை வெட்டுதல்

இடம் போதவில்லை என்றதும் புதியவர்கள் முதலில் எடுப்பது 'பெரியம்மா', 'மாமா', 'அண்ணை' என்ற விளிப்பைத்தான். தனக்கே எழுதப்பட்டது என்பதை வாசிப்பவர் அறிவது அந்தச் சொல்லால். அடைமொழி தீர்ந்த பின்பும் இடம் போதாவிட்டால் செய்தியைச் சுருக்குங்கள், விளிப்பைத் தொடாதீர்கள். 'மாமா' நான்கே குறிகள்.

சொற்களைக் குறுக்கி எழுதுதல்

முதியவருக்கு அதை வாசித்துக் காட்டுபவர் பெரும்பாலும் பேரப்பிள்ளை. சத்தமிட்டு வாசிக்க முடியாத எதையும் எழுத வேண்டாம்.

படக்குறி

பெரும்பாலானவை ஒவ்வொன்றும் இரண்டு குறிகளின் இடத்தை எடுக்கும், பட்டன் போனில் வெறும் பெட்டியாகத் தெரியும்.

ஒரே வாழ்த்தை எல்லோருக்கும் அனுப்புதல்

ஓர் ஊர்ச் சங்கத்துக்காக 200 அங்கத்தவர்களுக்கு வாழ்த்து அனுப்பவேண்டி வரும்போது தனித்தனியாக எழுத முடியாதுதான். அப்போதும் எழுபதுக்குள் நிற்காவிட்டால் 200 செய்திக்கான காசு 400 ஆகவோ 600 ஆகவோ பெருகும். அதைவிடப் பெரிய பிழை, பட்டியலைப் பார்க்காமல் அனுப்புவது. அந்த ஆண்டில் இழவு நடந்த வீடுகளில் பொங்கமாட்டார்கள். அவ்வீடுகளுக்கு 'இனிய பொங்கல்' போகக்கூடாது. அவர்களுடைய இலக்கங்களைப் பிரித்தெடுத்து, "மாமி, சுகமாக இருக்கிறீங்களோ? வெள்ளிக்கிழமை வீட்டுக்கு வாறன்." என்பது போல ஒன்றைக் கையால் எழுதி அனுப்புங்கள். அது எழுபதுக்குள் அடங்கும். வருகிறேன் என்று எழுதினால் போகவும் வேண்டும்.

சின்ன வாழ்த்துக்கு வெட்கப்படுதல்

1992 டிசம்பர் 3 அன்று இங்கிலாந்தில் நீல் பாப்வர்த் என்ற பொறியியலாளர் தம்முடைய கணினியிலிருந்து ரிச்சர்ட் ஜார்விஸ் என்பவருக்கு அனுப்பிய முதலாவது குறுஞ்செய்தியே ஒரு நத்தார் வாழ்த்துத்தான். ஆங்கிலத்தில் இரண்டே சொற்கள்.

எண்ணியைப் பார்க்காமல் அனுப்புதல்

செய்தி எழுதும் திரையின் ஓரத்தில், பட்டன் போனில் பெரும்பாலும் மேலே, ஓர் எண் ஓடும். ஆங்கிலத்தில் 160 என்று தொடங்குவது முதல் தமிழ் எழுத்தை இட்டதும் 70 என்ற கணக்குக்கு இறங்கும். பின்னர் ஒவ்வொரு குறிக்கும் குறைந்துகொண்டு வரும். பக்கத்தில் 1 என்று நிற்பது துண்டுகளின் எண்ணிக்கை. அது 2 ஆன கணத்தில் நிறுத்தி, முதல் வாக்கியத்திலிருந்து ஓர் அடைமொழியைத் தேடி எடுங்கள். தொடு கைபேசிகளில் இந்த எண் எல்லை நெருங்கும்வரை மறைந்திருப்பதும் உண்டு. அப்படியானால் வீட்டில் கிடக்கும் பட்டன் போனுக்கு முதலில் ஒன்றை அனுப்பித் திறந்து பாருங்கள். தமிழ் எழுத்துகள் பெட்டிகளாகத் தெரிந்தால் அந்தப் போனில் தமிழ் இல்லை. உங்கள் மாமியிடம் இருப்பதும் அதே போன்தான் என்றால், அவருக்கு எழுதுவதைவிட அழைத்துப் பேசிவிடுங்கள்.