தலைகீழ் வகுப்பறைக்கு வினா எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

திருமங்கலத்துக்கு அருகில் உள்ள எங்கள் பள்ளிக்கு ஒவ்வோர் ஆண்டும் பி.எட். மாணவர்கள் கற்பித்தல் பயிற்சிக்காக வருகிறார்கள். இந்த ஆண்டு வந்தவர்களுள் இருவர், ஒன்பதாம் வகுப்பு அறிவியலில் 'பாய்மங்கள்' பாடத்தைத் தலைகீழ் வகுப்பறை முறையில் நடத்த விரும்பினார்கள். மாணவர் வீட்டில் காணொளியைப் பார்த்துவிட்டு வர வேண்டும்; வகுப்பு நேரம் முழுவதும் கலந்துரையாடலுக்கு. அவர்கள் எழுதி வந்த வினாத்தாளை வாங்கிப் படித்தபோது, பல ஆண்டுகளுக்கு முன் நான் எழுதிய தாளையே மீண்டும் கையில் வைத்திருப்பதுபோல் இருந்தது. எழுத்துப் பிழை, தெளிவற்ற சொல் போன்றவற்றை எவரும் தாமே திருத்திக்கொள்வார்கள் என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

விடை காணொளியிலேயே இருக்கும் வினாவை வகுப்பில் கேட்பது

பயிற்சி மாணவரின் தாளில் வகுப்புக்கான முதல் வினா, "ஆர்க்கிமிடிஸ் தத்துவத்தைக் கூறுக" என்பது. இரண்டாவது, "மிதப்பு விசை எதற்குச் சமம்?" என்பது. இவற்றில் பிழை ஏதும் இல்லை. ஆனால் இரண்டுக்கும் உரிய விடையைக் காணொளியில் ஒருவர் நிறுத்தி நிதானமாகச் சொல்கிறார். பார்த்த பிள்ளை அதை ஒப்பிக்கும். பார்க்காத பிள்ளை அதைக் கேட்டு எழுதிக்கொள்ளும். இதற்கு மேல் பேச அந்த வினாக்களில் ஒன்றும் இல்லை. நாற்பத்தைந்து நிமிட வகுப்பில் கலந்துரையாடல் ஐந்து நிமிடத்தில் தீர்ந்துவிட, மீதி நேரத்தில் ஆசிரியர் காணொளியின் பாடத்தையே கரும்பலகையில் மறுபடி நடத்துவார். இரண்டு வாரம் இப்படி நடந்தால், எப்படியும் வகுப்பில் சொல்லித் தருவார்கள் என்பது மாணவர்களுக்குத் தெரிந்துவிடும். அதன்பின் காணொளியை யாரும் திறப்பதில்லை. பழியைப் பிள்ளைகளின் சோம்பல்மேல் போடுகிறோம். உண்மையில் அவர்களுக்கு அந்தப் பழக்கத்தைக் கற்றுக்கொடுத்தது நம் வினாத்தாள்தான். இன்றும் இந்தத் தவற்றைக் காணும்போது எனக்குப் பொறுமை போய்விடுகிறது.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். இதே பாடத்துக்கு நானே ஒரு காணொளி பதிவு செய்தபோது, ஓரிடத்தில் "இடம்பெயர்ந்த நீரின் எடை" என்று சொல்ல வேண்டியதை "இடம்பெயர்ந்த நீரின் பருமன்" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். மிதப்பு விசை என்பது ஒரு விசை. அது எடைக்குத்தான் சமமாக முடியும், பருமனுக்கு அன்று. மறுநாள் வந்த ஏடுகளில் பெரும்பாலானவற்றில் 'பருமன்' என்றே இருந்தது. ஒரு பிள்ளைகூட ஐயப்பட்டுக் கேட்கவில்லை. நன்றாகப் படிக்கும் பிள்ளைகளும் அதையே எழுதியிருந்தார்கள். அவர்கள் கவனமாகப் பார்த்திருக்கிறார்கள் என்பதில் ஐயம் இல்லை. ஆனால் என் வினா அவர்களிடம் கேட்டது விடை இருக்கும் இடத்தைக் கண்டுபிடித்துப் படியெடுப்பதை மட்டுமே; சிந்திப்பதை அது கேட்கவே இல்லை.

இந்தத் தவற்றைக் கண்டறிய எளிய வழி ஒன்று உண்டு. வகுப்புக்கென எழுதிய ஒவ்வொரு வினாவின் அருகிலும், அதன் விடை காணொளியில் எந்த நிமிடத்தில் வருகிறது என்று குறித்துப் பாருங்கள். 4:10 என்று குறிக்க முடிந்தால் அது வீட்டுக்குரிய வினா. காணொளியில் சொன்னதைக் கொண்டு, காணொளியில் சொல்லாத ஒன்றை முடிவு செய்ய வேண்டிய வினாதான் வகுப்புக்கு உரியது.

அப்படிப்பட்ட வினா ஒன்று உருவான விதத்தைச் சொல்கிறேன். மதுரை மாரியம்மன் தெப்பக்குளம் எங்கள் பிள்ளைகள் எல்லோருக்கும் தெரியும். தைமாதத் தெப்பத் திருவிழாவைப் பார்த்திராதவர் சிலரே. ஆகவே, "தெப்பக்குளத்தில் ஒரு படகு மிதக்கிறது. படகில் இருக்கும் பெரிய கல்லைத் தூக்கிக் குளத்து நீருக்குள் போட்டுவிட்டால், குளத்தின் நீர்மட்டம் உயருமா, மாறாதிருக்குமா, தாழுமா?" என்று கேட்டேன். கல் படகில் இருக்கும்போது, தன் எடைக்குச் சமமான எடையுள்ள நீரை இடம்பெயர்க்கிறது. மூழ்கிய பிறகு தன் பருமனுக்குச் சமமான நீரை மட்டுமே இடம்பெயர்க்கிறது. கல் நீரைவிட அடர்த்தி மிகுந்தது என்பதால் இரண்டாவது அளவு குறைவு. ஆகவே மட்டம் தாழும்.

வினா சரிதான், ஆனால் முதல் முறை அது தோற்றுப்போனது. "மாறாது" என்று பலர் சொன்னார்கள். காரணம் கேட்டபோது ஒரு மாணவி, "அவ்வளவு பெரிய குளத்துல ஒரு கல்லால என்ன டீச்சர் ஆகப்போகுது?" என்றாள். அவள் சொன்னது சரி. குளம் ஏறத்தாழ 1000 அடி நீளமும் 950 அடி அகலமும் உடையது. 50 கிலோ கல்லைப் போட்டாலும் மட்டத்தில் ஏற்படும் மாற்றம் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட வராது. தத்துவம் புரியாதவரும், குளத்தின் பரப்பைச் சரியாகச் சிந்தித்தவரும் ஒரே விடையில் வந்து சேர்ந்துவிட்டார்கள். நன்றாகச் சிந்தித்த பிள்ளையைத் தவறான விடையில் நிறுத்தும் வினாவால் யாருக்கு என்ன புரியவில்லை என்பதை அறிய இயலாது.

அடுத்த ஆண்டு குளத்தை ஒரு பிளாஸ்டிக் பெட்டியாகச் சுருக்கினேன். 20 செ.மீ. நீளமும் 15 செ.மீ. அகலமும் உள்ள பெட்டியில் பாதிக்கு மேல் நீர். அதில் மிதக்கும் ஒரு லிட்டர் எவர்சில்வர் பாத்திரம். பாத்திரத்தின் நடுவில் 540 கிராம் கருங்கல். கருங்கல்லின் அடர்த்தி ஒரு கன சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 2.7 கிராம் என்று கொண்டால் கல்லின் பருமன் 200 கன செ.மீ. மிதக்கும்போது இந்தக் கல்லுக்காக இடம்பெயர்வது 540 மில்லிலிட்டர் நீர். மூழ்கிய பின் 200 மில்லிலிட்டர். வேறுபாடான 340 மில்லிலிட்டரைப் பெட்டியின் பரப்பான 300 சதுர செ.மீட்டரால் வகுத்தால், மட்டம் ஒரு சென்டிமீட்டருக்குச் சற்று அதிகமாகத் தாழ வேண்டும். பெட்டியின் வெளியே ஒட்டிய தாளில் கடைசி வரிசைப் பிள்ளையும் அதைப் பார்க்க முடியும்.

ஆனால் கல்லை முதலிலேயே போட்டுக் காட்டிவிடக் கூடாது. ஒரு நிமிடம் பேசாமல் சிந்திக்கச் சொல்லி, அ, ஆ, இ என்று எழுதிய அட்டைகளுள் ஒன்றை எல்லோரும் ஒரே நேரத்தில் உயர்த்தச் செய்கிறேன். எண்ணிக்கையை நான் குறித்துக்கொள்வேனே தவிர, சரியான விடையைச் சொல்வதில்லை. பிறகு, வேறு அட்டையை உயர்த்திய ஒருவரிடம் மூன்று நிமிடம் காரணம் சொல்லி வாதிட வேண்டும். அதன்பின் இரண்டாவது வாக்கு. அதற்குப் பிறகே கல் நீருக்குள் போகும். ஹார்வர்டில் இயற்பியல் கற்பிக்கும் எரிக் மசூர் 1991-இல் தொடங்கிய முறை இது. முதல் வாக்கில் சரியாகச் சொன்னவர்கள் ஏறத்தாழ 30 முதல் 70 விழுக்காட்டுக்குள் இருந்தால் மாணவர்களைத் தமக்குள் பேச விடலாம். அதற்குக் குறைந்தால் பேச்சைத் தொடங்கி வைக்கத் தெரிந்தவர் போதாது. ஆசிரியர் சிறிது விளக்க வேண்டும். அதற்கு மேல் இருந்தால் சுருக்கமாகச் சொல்லிக் கடந்துவிடலாம். பெட்டி வினாவுக்கு எங்கள் வகுப்பின் 44 பேரில் 15 பேர் முதல் வாக்கில் சரியாகச் சொன்னார்கள். பேசிய பிறகு 32 பேர்.

இரண்டாவது வாக்கில் சரியாகச் சொன்னவர்களுள் சிலர் நன்றாகப் படிக்கும் பிள்ளையின் அட்டையைப் பார்த்து மாற்றியிருக்கக்கூடும். ஆகவே உடனே ஒரு தொடர் வினா வேண்டும்: "கல்லுக்குப் பதிலாகப் பாத்திரத்தில் ஒரு மரக்கட்டை இருந்து, அதை எடுத்துப் பெட்டி நீரில் விட்டால்?" கட்டை இங்கும் மிதக்கிறது, அங்கும் மிதக்கிறது, மட்டம் மாறாது. காரணத்தைப் பிடித்துக்கொள்ளாமல் 'தாழும்' என்ற விடையை மட்டும் பிடித்துக்கொண்டவர்கள் இதில் தெரிந்துவிடுவார்கள்.

தவறான விடைகளை ஆசிரியரே கற்பனை செய்வது

பலவுள் தெரிவு வினாவில் தவறான விடைகள், பிள்ளைகள் உண்மையிலேயே நினைக்கும் தவறுகளாக இருக்க வேண்டும். யாருமே தேர்ந்தெடுக்காத விடை தாளில் இடத்தை மட்டுமே அடைக்கும். அவற்றைத் தேடி நான் போவது வீட்டு ஏடுகளிடம்தான். "கிணற்றில் இறைக்கும்போது வாளி நீருக்குள் இருக்கும்வரை இலேசாகவும் வெளியே வந்ததும் கனமாகவும் இருப்பது ஏன்?" என்று வீட்டுக்கு ஒரு வினா கொடுத்தேன். "நீருக்குள் எடையே கிடையாது" என்று சிலர் எழுதினார்கள். "ஆழத்தில் இருந்தால் இன்னும் இலேசாக இருக்கும்" என்று வேறு சிலர் எழுதினார்கள். முழுவதும் மூழ்கிய பொருளின்மேல் செயல்படும் மிதப்பு விசை ஆழத்தைப் பொறுத்து மாறுவதில்லை. இந்த இரண்டு வாக்கியங்களும் அவர்கள் சொல்லிலேயே அடுத்த வகுப்பு வினாவின் விடைத் தெரிவுகளாயின. தம்முடைய சொல்லைக் கரும்பலகையில் கண்ட பிள்ளைகள் வழக்கமாகப் பேசாதவர்களாயினும் பேசினார்கள்.

வீட்டு வினாக்களை அடுக்குவது

மூன்று போதும்.

ஒன்று காணொளியைப் பார்த்ததை உறுதிசெய்ய, ஒன்று ஊகித்துச் சொல்ல, ஒன்று, "எந்த இடம் புரியவில்லை, ஏன்?" என்று கேட்க. இந்த மூன்றாவதற்கு "எல்லாம் புரிந்தது" என்ற விடையை ஏற்பதில்லை என்று முதல் நாளே சொல்லிவிட வேண்டும்.

சரியான விடைக்கு மட்டும் மதிப்பெண் கொடுப்பது

வீட்டு வினாவில் சரி, தவறு பார்த்து மதிப்பெண் போட்டால், காலையில் பேருந்திலேயே ஒரே விடை எல்லா ஏட்டுக்கும் போய்விடும். முயன்று எழுதியதற்குக் கொடுங்கள்.

விடைகளை வகுப்பில்தான் முதன்முதலில் பார்ப்பது

வகுப்பு தொடங்குமுன் ஏடுகளைப் பார்க்காவிட்டால் எந்த வினாவைக் கேட்பது, எதை விடுவது என்று முடிவு செய்ய இயலாது. எங்கள் ஊரில் பல வீடுகளில் கைப்பேசி ஒன்றுதான். அது அப்பாவோடு வேலைக்குப் போய் இரவில்தான் திரும்புகிறது. ஆகவே இரவுக்குள் விடை அனுப்பச் சொல்வது நடவாது. காலை வழிபாட்டுக்கு முன் ஏடுகளை வாங்கி, மூன்றாவது வினாவின் விடைகளை மட்டும் பதினைந்து நிமிடத்தில் புரட்டிவிடுகிறேன்; அறிவியல் வகுப்பை மூன்றாம் பாடவேளைக்குக் கேட்டு வாங்கியதும் இதற்காகத்தான். கைப்பேசியே இல்லாத பிள்ளைகள் முதல் நாள் மாலை பள்ளியின் உயர்தொழில்நுட்ப ஆய்வகத்தில் பார்த்துவிட்டுப் போகிறார்கள்.

சென்ற ஆண்டின் வினாவை அப்படியே கேட்பது

அக்காமாரும் அண்ணன்மாரும் விடையைச் சொல்லி அனுப்பிவிடுவார்கள். கல்லின் இடத்தில் பனிக்கட்டியை வைத்து, அது பாத்திரத்திலேயே உருகினால் பெட்டியின் நீர்மட்டம் என்னவாகும் என்று இந்த ஆண்டு கேட்டிருக்கிறேன்.