வேலைத் தளத்தில் போட்ட ரெஸ்யூமை அழிப்பதும், எடுத்துப்போனவர்களிடம் அழிக்கச் சொல்வதும்

வேலைத் தளத்தில் கணக்கை அழித்தால் ரெஸ்யூமும் ஒழிந்தது என்று பலர் நினைக்கிறார்கள். தளத்தில் இருப்பது போய்விடும், சரி. ஆனால் நீங்கள் விண்ணப்பித்த ஆலையும், தேடி இறக்கிக்கொண்ட ஏஜெண்டும் தங்கள் கம்ப்யூட்டரில் வைத்திருக்கும் பிரதிக்கு அந்தப் பொத்தானோடு எந்தத் தொடர்பும் இல்லை. அதனால் இது இரண்டு வேலை. முதல் வேலையை அவசரமாக முடித்தால் இரண்டாவது கெட்டுப்போகும்.

சுங்கை சிப்புட்டில் எங்கள் லயத்துத் தங்கை ஒருத்தியை வைத்தே சொல்கிறேன். ஈப்போ, தைப்பிங் பக்கம் ஆலைகளுக்கும் கிளார்க் வேலைகளுக்கும் விண்ணப்பித்திருந்தாள். வேலை கிடைத்த பிறகும், "அக்கா, பார்ட் டைம் வேலை இருக்காம், ஐசி நம்பர் சரியான்னு கேக்குறான்" என்று வந்து நின்றாள். ரெஸ்யூமைத் திறந்து பார்த்தேன். படம், வீட்டு முகவரி, இனம், மதம், அப்பா அம்மா பெயர், 12 இலக்க ஐசி எண் எல்லாம் முதல் பக்கத்திலேயே இருந்தன. நம்மூரில் பழைய மாதிரிப் படிவத்தைப் பார்த்து எழுதும் பழக்கம் அது. ஐசி எண்ணின் முதல் ஆறு இலக்கம் பிறந்த தேதி, அடுத்த இரண்டு பிறந்த மாநிலம், கடைசி இலக்கம் ஆணா பெண்ணா என்று காட்டிவிடும். ஏமாற்றுக்காரனுக்கு அதற்கு மேல் என்ன வேண்டும்?

அழிக்கும் முன் பட்டியல் எடுங்கள்

தளத்தில் நுழைந்து, விண்ணப்பித்த வேலைகள் என்ற பகுதிக்குப் போங்கள். நிறுவனத்தின் பெயர், வேலை, தேதி மூன்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொள்ளுங்கள். கணக்கு போனால் இந்தப் பட்டியலும் போய்விடும். அப்புறம் யாருக்கு எழுதுவது என்றே தெரியாது. சில தளங்கள் உங்கள் சுயவிவரத்தைப் பார்த்த நிறுவனங்களையும் காட்டும். அதையும் எடுங்கள்.

ஏஜெண்டுக்கு நேராக மின்னஞ்சலில் அனுப்பியது தளத்தில் தெரியாது. ஜிமெயிலில் தேடும் பெட்டியில் இதைப் போடுங்கள்:

```
in:sent has:attachment filename:resume
```

கோப்புக்கு வேறு பெயர் வைத்திருந்தால் resume என்ற இடத்தில் pdf என்று மாற்றித் தேடுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பியதற்கு, ஏஜெண்டுகளோடு பேசிய உரையாடல்களைத் திறந்து ஆவணங்கள் பகுதியைப் பாருங்கள்.

தளத்தில் அழிக்கும் வரிசை

முதலில் சுயவிவரத்தை நிறுவனங்கள் தேடிப் பார்க்க முடியாதபடி மறையுங்கள். கணக்கு முழுதாகப் போகச் சில நாள் ஆகலாம், அந்த இடைவெளியில் புதிதாக யாரும் இறக்காமல் இருக்கத்தான் இது. அடுத்து, ஏற்றிய ரெஸ்யூம்களை ஒவ்வொன்றாக நீக்குங்கள். பழையது, புதியது, மலாயில் ஒன்று, ஆங்கிலத்தில் ஒன்று என்று பல கிடக்கும். முன்பக்கத்தில் ஒன்றுதான் தெரியும், அதை நம்ப வேண்டாம். பிறகு ஐசி எண், முகவரி, பிறந்த தேதி நிரப்பிய கட்டங்களைக் காலியாக்கிச் சேமியுங்கள். கடைசியாக Settings அல்லது Tetapan பகுதியில் Delete account, Padam akaun போன்ற ஒன்றைத் தேடி அழுத்துங்கள். தற்காலிகமாக முடக்குவது வேறு, அழிப்பது வேறு. முடக்கினால் எல்லாம் உள்ளேயே இருக்கும்.

பொத்தானே இல்லாத தளமும் உண்டு. அப்போது அவர்களின் தனியுரிமை அறிவிப்பில் உள்ள மின்னஞ்சலுக்கு எழுதுங்கள். மலேசியச் சட்டப்படி அந்த அறிவிப்பு மலாயிலும் ஆங்கிலத்திலும் இருக்க வேண்டும், தொடர்புகொள்ளும் வழியும் அதில் இருக்க வேண்டும்.

அழிந்ததா என்று தெரிந்துகொள்ள, தளம் சொன்ன காலம் முடிந்ததும் பழைய கடவுச்சொல்லோடு நுழைந்து பாருங்கள். 'கடவுச்சொல் மறந்துவிட்டது' என்பதை அழுத்தியும் பாருங்கள். மாற்றும் இணைப்பு மின்னஞ்சலில் வந்தால் கணக்கு இன்னும் உயிரோடு இருக்கிறது.

ரெஸ்யூமை கூகுள் டிரைவ் இணைப்பாகக் கொடுத்திருந்தால் நல்ல காலம். பகிர்வு அமைப்பில் Restricted என்று மாற்றினால், ஏற்கெனவே இறக்காத யாருக்கும் அது திறக்காது.

இனி ஏஜெண்டுகள்

நம் நாட்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2010, அதாவது Akta 709, 'என் தரவை அழி' என்று கேட்கும் உரிமையை அப்படியே தனியாகத் தரவில்லை. இதைச் சொல்லிச் சிலர் கைவிரித்துவிடுவார்கள். ஆனால் பிரிவு 38 எழுத்து மூலம் சம்மதத்தைத் திரும்பப் பெற இடம் தருகிறது. பெற்றால், தரவைக் கையாள்வதை அவர்கள் நிறுத்த வேண்டும். சட்டத்தின் விளக்கத்தில், தரவை வைத்திருப்பதும் சேமிப்பதும் கூடக் கையாளுதல்தான். கூடவே பிரிவு 10, தேவை முடிந்த தரவை நிரந்தரமாக அழிக்கச் சொல்கிறது. இரண்டையும் சேர்த்து எழுதினால் 'நாங்கள் பயன்படுத்த மாட்டோம், சும்மா வைத்திருக்கிறோம்' என்ற பதில் எடுபடாது.

தங்கைக்கு எழுதிக் கொடுத்தது இதுதான். மலாயில் அனுப்பினோம். தலைப்பில் Seksyen 38, Akta 709 என்று போட்டோம்.

> வணக்கம். மார்ச் மாதம் உங்கள் கிளார்க் வேலைக்கு வேலைத் தளம் வழியாக விண்ணப்பித்தேன். என் தரவைக் கையாளக் கொடுத்த சம்மதத்தைப் பிரிவு 38இன் கீழ் இன்று திரும்பப் பெறுகிறேன். வேலைக்கு ஆள் எடுத்தாகிவிட்டதால், பிரிவு 10இன்படி என் ரெஸ்யூமை மின்னஞ்சல், கம்ப்யூட்டர், கைப்பேசி, அச்சுப் பிரதி எல்லாவற்றிலிருந்தும் அழிக்கவும். வேறு யாருக்காவது கொடுத்திருந்தால் அவர்கள் பெயரைத் தெரிவித்து, அவர்களையும் அழிக்கச் சொல்லவும். அழித்த தேதியை 21 நாளுக்குள் எழுத்து மூலம் தெரிவிக்கவும்.

பிரிவு 38இல் நாள் கணக்கு கிடையாது. தரவைப் பார்க்கக் கேட்டால் பதில் சொல்லச் சட்டம் தரும் அவகாசம் 21 நாள். அது அவர்களுக்குப் பழகிய கணக்கு என்பதால் அதையே நாமும் வைத்தோம். விண்ணப்பித்தபோது பயன்படுத்திய அதே மின்னஞ்சலிலிருந்து அனுப்புங்கள், ஆளைச் சரிபார்க்க அதுவே போதும். 'ஐசி நகல் அனுப்புங்கள், அழிக்கிறோம்' என்று ஒரு ஏஜெண்ட் கேட்டார். அழிக்கச் சொல்பவரிடமே இன்னொரு நகலா! ஐசியின் கடைசி நான்கு இலக்கமும் விண்ணப்பித்த தேதியும் மட்டும் கொடுத்தோம், ஏற்றுக்கொண்டார்.

வாட்ஸ்அப் குழுவில் ரெஸ்யூமைப் போடும் ஏஜெண்டுகள்தான் பெரிய தலைவலி. எல்லாருக்கும் அழிக்கும் வசதி சுமார் இரண்டரை நாள்தான் வேலை செய்யும். அதற்குப் பிறகு ஒவ்வொருவரும் தன் கைப்பேசியில் அழித்தால்தான் உண்டு. எந்தக் குழு, எந்த நிறுவனம் என்று கேட்டு, அந்த நிறுவனத்துக்குத் தனியாக எழுதுங்கள்.

எல்லாரும் எல்லாவற்றையும் அழிக்க வேண்டியதில்லை. நீங்கள் சில மாதம் வேலை செய்துவிட்டு வந்த இடம், 1955 வேலைச் சட்டப்படி ஊழியர் பதிவேட்டை 6 ஆண்டு வைத்திருக்க வேண்டும். அங்கே பதிவேட்டை விட்டுவிட்டு, ரெஸ்யூமை மட்டும் கேளுங்கள். மத்திய, மாநில அரசாங்கங்களுக்கு Akta 709 பொருந்தாது. சிங்கப்பூர் ஏஜெண்டுக்கு அனுப்பியிருந்தால் அந்நாட்டுச் சட்டம் வேறு, ஆனால் அங்கேயும் பிரிவு 16இல் சம்மதத்தைத் திரும்பப் பெறலாம்.

21 நாள் தாண்டியும் பதில் இல்லையென்றால் ஒரு நினைவூட்டல் அனுப்புங்கள். அதற்கும் அசையாவிட்டால் தனிநபர் தரவுப் பாதுகாப்பு ஆணையரிடம் pdp.gov.my வழியாகப் புகார் செய்யலாம். பிரிவு 38ஐ மீறினால் ஒரு லட்சம் ரிங்கிட் வரை அபராதமோ, ஓராண்டு வரை சிறையோ, இரண்டுமோ விதிக்க முடியும். நினைவூட்டலில் இந்த ஒரு வரியைச் சேர்த்த அன்று மாலையே, பேசாமல் இருந்த ஒரு நிறுவனம் தங்கைக்குப் பதில் போட்டது. புகாரோடு முதல் கடிதம், நினைவூட்டல், பட்டியலின் ஸ்கிரீன்ஷாட், அதற்குப் பிறகும் அழைப்பு வந்திருந்தால் அந்த எண்ணும் நேரமும், எல்லாவற்றையும் இணையுங்கள்.